அறிமுக மெயில் போனது, இரண்டு பேரும் பேசவில்லை: பழுது எங்கே?

மண்ணடியில் ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சரக்கு அனுப்புகிறவர், கஸ்டம்ஸ் வேலை பார்க்கிற ஏஜென்ட், லாரி வைத்திருப்பவர், மரப்பெட்டி அடிப்பவர் என்று யாரையாவது யாரோடாவது கோத்துவிடுவதிலேயே என் நாளில் பாதி போய்விடும். டீக்கடையில் நின்றபடி "சார், இவங்கதான் நான் சொன்னவங்க" என்றால் இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. முகத்தைப் பார்ப்பார்கள், சந்தேகம் வந்தால் அங்கேயே கேட்பார்கள். மெயிலில் அந்த வசதி இல்லை. எழுதியதுதான் அவர்களுக்குத் தெரியும், எழுதாததை அவரவர் மனசுக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொள்வார்கள்.

நான் அனுப்பிய ஒரு மெயிலையே எடுத்துக்கொள்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு அக்கா பருத்தித் துணிப்பை தைக்கும் யூனிட் நடத்துகிறார். சிங்கப்பூர் கடை ஒன்றிலிருந்து அவருக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்தது. லிங்கி செட்டி தெருவில் எனக்குப் பல வருடமாகப் பழக்கமான கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஒருவர் இருக்கிறார். இருவருக்கும் சேர்த்து இப்படி அனுப்பினேன்:

> பொருள்: அறிமுகம்
>
> வணக்கம் சார், நம்ம ஏரியா அக்கா ஒருத்தங்க சின்ன அளவுல துணிப்பை தைக்கிறாங்க. எக்ஸ்போர்ட் பண்ணணும்னு ஆசைப்படுறாங்க. கொஞ்சம் பார்த்து ஹெல்ப் பண்ணுங்க.
>
> அக்கா, சார் இந்த லைன்ல பெரிய ஆள். ரெண்டு பேரும் பேசிக்கோங்க. நன்றி.

பார்க்க நல்ல மனசோடு எழுதியது போலத்தான் இருக்கிறது. ஒன்பது நாள் யாரும் பேசவில்லை. பிறகு ஒவ்வொரு கோளாறாகத் தலை காட்டியது. எந்த அறிகுறிக்கு எது காரணம், எப்படிச் சரிசெய்தேன் என்பதை அது வந்த வரிசையிலேயே சொல்கிறேன். மெயிலை நீங்கள் ஆங்கிலத்தில் எழுதினாலும் சங்கதி இதேதான்.

அறிகுறி: இரண்டு பக்கமும் சத்தமே இல்லை

முதலில் மெயில் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். Sent-இல் அந்த மெயிலைத் திறந்து முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் மெயில் பெட்டி பழைய முகவரியை எடுத்துக் கொடுக்கும். அந்த ஆள் கம்பெனி மாறிப்போயிருந்தால் உங்கள் மெயில் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். Mailer-Daemon என்ற பெயரில் ஏதாவது திரும்பி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பின் மெயில் போகாத முகவரி என்றால் ஸ்பேமில் விழுந்திருக்கலாம், அதை அவர்களிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

என் விஷயத்தில் இரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது, இரண்டு பேரும் படித்தும் இருந்தார்கள். அக்காவைக் கேட்டேன். "அவரு பெரிய ஆளுன்னு போட்டிருந்தியே, அவரே கூப்பிடுவாருன்னு இருந்தேன். நானா போன் பண்ணா நல்லா இருக்குமா?" என்றார். ஏஜென்ட் சாரிடம் கேட்டபோது, "தேவை அவங்களுக்கு. வேணும்னா அவங்க பேசட்டும்" என்றார். இருவர் சொன்னதும் நியாயம். "ரெண்டு பேரும் பேசிக்கோங்க" என்று எழுதிய நான்தான் வேலையை யாரிடமும் கொடுக்கவில்லை.

இதை அனுப்புவதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. எழுதி முடித்ததும், விஷயமே தெரியாத பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டி, "அடுத்த மெயிலை யார் போடணும், அதில் என்ன இருக்கணும்?" என்று கேளுங்கள். அவரால் சட்டென்று சொல்ல முடியவில்லை என்றால், அந்த மெயில் படுத்துவிடும்.

சரிசெய்வது சுலபம். யாருக்குத் தேவையோ அவர் முதலில் எழுத வேண்டும், அதை மெயிலிலேயே சொல்லிவிட வேண்டும். "மேடம் நாளைக்குள் சரக்கு விவரத்தை இதே மெயிலில் அனுப்புவார். சார் அதைப் பார்த்துவிட்டு என்ன பேப்பர் வேண்டும் என்று சொன்னால் போதும்" என்றால் இருவருக்கும் தங்கள் பங்கு தெரிந்துவிடும். இரண்டாவது வாக்கியத்தில் வரும் அந்த 'போதும்' முக்கியம். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியாத வேலையைத்தான் வேலை நெருக்கடியில் இருப்பவர் தள்ளிப்போடுவார். பத்து நிமிஷ வேலை என்று தெரிந்தால் டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிடுவார்.

அறிகுறி: ஒருவர் மெயிலுக்குப் பதில் போடாமல் உங்களைத் தனியாகக் கூப்பிடுகிறார்

"தம்பி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." ஏஜென்ட் சார் சொன்னது இவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை, அதனாலேயே எனக்கு உறைத்தது. அந்த மாதம் அவருடைய ஆபீஸில் ஒரு ஆள் குறைவு. புதுப் பார்ட்டி யாரையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். நானோ இருவர் முகவரியையும் To-வில் போட்டு அனுப்பிவிட்டேன். இனி அவர் மறுத்தால் முகம் தெரியாத ஒருவரிடம் 'முடியாது' என்று எழுத வேண்டும், ஏற்றுக்கொண்டால் தன் முடிவை மாற்ற வேண்டும். இரண்டும் பிடிக்காததால் சும்மா இருந்துவிட்டார்.

காரணம் ஒன்றே, முன்னனுமதி வாங்காதது. இதற்கு மெயிலுக்குள் எந்த வாக்கியத்தை மாற்றியும் பயனில்லை. மெயிலுக்கு முந்தின படியைத்தான் சேர்க்க வேண்டும்.

முதலில் தேவை உள்ளவரிடம் போக வேண்டும். "உங்களைப் பற்றி இன்ன ஏஜென்டிடம் கேட்கப் போகிறேன். என்ன வேலை, என்ன உதவி வேண்டும் என்று நாலு வரி எழுதி அனுப்புங்க, அதை அப்படியே அவருக்குக் காட்டுவேன்" என்று சொல்லுங்கள். இதில் இரண்டு லாபம். அவரைப் பற்றி என்ன வெளியே போகிறது என்பதை அவரே முடிவு செய்கிறார். அந்த நாலு வரியை அவரால் எழுத முடியவில்லை என்றால், தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே இன்னும் தெளிவில்லை என்று புரிந்துவிடும். அக்காவிடம் கேட்டபோது முதலில் வந்தது "எக்ஸ்போர்ட் பத்தி எல்லாம் சொல்லிக் குடுக்கணும்" என்பதுதான். அது யாராலும் பதில் போட முடியாத கேள்வி. கொஞ்சம் பேசியபின்தான் விஷயம் வெளியே வந்தது. 40 அட்டைப் பெட்டி, மொத்தம் சுமார் 3 கன மீட்டர். ஏற்றுமதி செய்ய அரசாங்கம் கொடுக்கும் ஐஇசி எண் வாங்கிவிட்டார். ஏற்றுமதிப் பணம் எந்த பேங்க் வழியாக வரும் என்று காட்டும் ஏடி கோடு இன்னும் போர்ட்டில் பதிவாகவில்லை. அதை யார் செய்வார்கள், எத்தனை நாள் முன்னால் ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி. இப்படிக் கேட்டால் எந்த ஏஜென்டும் பதில் சொல்வார்.

அப்புறம் மற்றவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். வாட்ஸ்அப் போதும்:

> சார், பழைய வண்ணாரப்பேட்டையில் துணிப்பை யூனிட் வைத்திருக்கும் ஒருவருக்கு சிங்கப்பூருக்கு முதல் ஷிப்மென்ட். ஏடி கோடு பதிவு, கிளியரன்ஸ் பற்றி உங்களிடம் ஒரு தடவை பேச விரும்புகிறார். அவர் எழுதியதைக் கீழே வைத்திருக்கிறேன். மெயிலில் அறிமுகம் செய்யட்டுமா? இந்த மாதம் வேலை அதிகம் என்றால் சொல்லுங்க, நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன். அவரிடம் உங்கள் நம்பரோ மெயிலோ இன்னும் கொடுக்கவில்லை.

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் நேரடியாக 'முடியாது' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, "பார்க்கலாம்" என்பார்கள். வேலை அதிகம் என்ற காரணத்தை நீங்களே கையில் கொடுத்துவிட்டால் அவரால் மனசு கோணாமல் மறுக்க முடியும். பதிலே வரவில்லை என்றால் இரண்டு நாள் கழித்து ஒரு தடவை கேட்கலாம். மூன்றாவது தடவை கேட்காதீர்கள், அதுவே பதில்தான். கேட்கும் நேரமும் பாருங்கள். கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்கக் கடைசி நாளான கட்-ஆஃப் அன்று மாலை ஒரு ஏஜென்டிடம் இதைக் கேட்டால் நல்ல பதிலை எதிர்பார்க்க முடியாது.

அனுமதி கேட்காமல் ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? இருவருக்கும் சேர்த்து இன்னொரு விளக்க மெயில் போடாதீர்கள், அது இன்னும் சங்கடம். யாரைக் கேட்காமல் விட்டீர்களோ அவருக்குப் போன் செய்து, "கேட்காம அனுப்பிட்டேன், என் தப்பு. உங்களுக்குச் சரிப்படலைன்னா நானே அவங்ககிட்ட சொல்லிடறேன்" என்று முடித்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏடி கோடு மட்டும்னா பார்க்கலாம், 10 தேதிக்கு மேல அனுப்பு" என்றார். அவர் மறுத்திருந்தால் அக்காவிடம் "சாருக்கு இந்த மாதம் கை நிறைய வேலை" என்று மட்டும் சொல்லியிருப்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது.

அறிகுறி: ஒருவர் முகம் சுருங்குகிறது, மற்றவர் இதை இலவச உதவி என்று நினைக்கிறார்

இதை நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. அக்கா பிறகொரு நாள் சொன்னார்: "சின்ன அளவுல தைக்கிறாங்க, ஆசைப்படுறாங்கன்னு எழுதியிருந்தே. எங்கிட்ட எட்டு மெஷின் ஓடுது. ஆர்டர் கையில இருக்கு. காசு குடுத்துதான் வேலை கேக்குறேன்."

என் மெயிலைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். 'நம்ம ஏரியா அக்கா', 'சின்ன அளவுல', 'ஆசைப்படுறாங்க', 'கொஞ்சம் பார்த்து'. நான்கும் தாழ்ந்து கேட்கும் சொற்கள். எதிர்ப்பக்கம் 'பெரிய ஆள்'. பணிவாக எழுதுவதாக நினைத்து, காசு கொடுக்கப் போகும் ஒரு கஸ்டமரை உதவி கேட்டு வந்தவராக ஆக்கிவிட்டேன். ஏஜென்ட் சாரும் இதை ஒரு தர்ம காரியம் என்றே எடுத்துக்கொண்டிருந்தார். ஆள் குறைவான மாதத்தில் அது அவருடைய வரிசையில் கடைசிக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை.

இருவரையும் ஒரே தட்டில் வைத்து எழுதுவதுதான் மருந்து. ஒருவர் 'சார்' என்றால் மற்றவர் 'மேடம்'. எனக்கு அவர் அக்காதான், ஆனால் அந்த உறவு எங்கள் இருவருக்குள்ளே. மூன்றாவது ஆள் படிக்கும் மெயிலில் 'அக்கா' என்று போட்டால் அவர் என் வீட்டு ஆளாகத் தெரிவார், தொழில்காரராகத் தெரிய மாட்டார். அதேபோல் புகழ்ச்சியை எடுத்துவிட்டு, ஒவ்வொருவரைப் பற்றியும் மற்றவருக்குப் பயன்படும் ஒரு விஷயத்தை வையுங்கள். 'பெரிய ஆள்' என்பதில் அக்காவுக்கு ஒன்றும் இல்லை. 'சிறு ஏற்றுமதியாளர்களுக்கு ஏடி கோடு பதிவு செய்து கொடுத்திருக்கிறார்' என்பதில் இருக்கிறது. காசு கொடுத்துச் செய்யும் வேலை என்றால் அதையும் ஒரு வாக்கியத்தில் போட்டுவிடுங்கள். பணத்தைப் பற்றி எழுதக் கூசினால் இரண்டு பக்கமும் வேறு வேறு கணக்கோடு உட்கார்ந்திருப்பார்கள்.

இருவரும் சரி என்ற பிறகு நான் திரும்ப எழுதிய மெயில் இது. பெயர்களை மட்டும் எடுத்திருக்கிறேன். உங்கள் மெயிலில் பெயரும் ஊரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

> பொருள்: சிங்கப்பூர் துணிப்பை ஷிப்மென்ட் – ஏடி கோடு பதிவு பற்றி அறிமுகம்
>
> வணக்கம் சார், வணக்கம் மேடம்.
>
> இருவரிடமும் பேசியபடி இந்த அறிமுகம்.
>
> சார், மேடம் பழைய வண்ணாரப்பேட்டையில் பருத்தித் துணிப்பை யூனிட் நடத்துகிறார். சிங்கப்பூருக்கு முதல் ஆர்டர்: 40 பெட்டி, சுமார் 3 கன மீட்டர். ஐஇசி இருக்கிறது, ஏடி கோடு இன்னும் பதிவாகவில்லை.
>
> மேடம், சார் லிங்கி செட்டி தெருவில் கஸ்டம்ஸ் ஏஜென்ட். சிறு ஏற்றுமதியாளர்களுக்கு இந்தப் பதிவைச் செய்து கொடுத்திருக்கிறார். எங்கள் ஆபீஸ் வேலையில் அவரைப் பல வருடமாகத் தெரியும்.
>
> மேடம் நாளைக்குள் இதே மெயிலில் சரக்கு விவரம் அனுப்புவார். சார் 10 தேதிக்கு மேல் பார்த்துவிட்டு, என்ன பேப்பர் வேண்டும், எத்தனை நாள் ஆகும், சார்ஜ் என்ன என்று சொன்னால் போதும். அதன் பிறகு சேர்ந்து செய்வதா வேண்டாமா என்பது உங்கள் இருவர் முடிவு.
>
> நன்றி.

பொருள் வரியில் வெறும் 'அறிமுகம்' என்றிருந்ததை மாற்றியதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து ஏஜென்ட் சார் இந்த மெயிலைத் தேடுவார். அப்போது 'சிங்கப்பூர்', 'துணிப்பை', 'ஏடி' என்று எதையாவது தட்டித்தான் தேடுவார். 'அறிமுகம்' என்று தேட யாருக்கும் தோன்றாது. இன்னொன்று: ஐஇசி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன், எண்ணைப் போடவில்லை. ஐஇசி எண்ணும் பான் எண்ணும் ஒன்றேதான். பான் எண், பேங்க் விவரம், இன்வாய்ஸ் காப்பி இதெல்லாம் அறிமுக மெயிலில் ஏறக் கூடாது. எதைக் கொடுப்பது என்பதை வேலை உறுதியான பிறகு அக்காவே பார்த்துக்கொள்வார்.

அறிகுறி: "பதில் போட்டேனே" என்கிறார் ஒருவர், "எதுவும் வரலையே" என்கிறார் மற்றவர்

ஒரு நிமிஷத்தில் தீரும் பழுது. பதில் போட்டவர் Reply all-க்குப் பதில் Reply அழுத்தியிருப்பார், மெயில் உங்களுக்கு மட்டும் வந்திருக்கும். உங்கள் பெட்டியைப் பாருங்கள். அங்கே இருந்தால், நீங்களே மற்றவருக்குத் தள்ளிவிடும் முன் எழுதியவரிடம் கேளுங்கள். உங்களுக்கு மட்டும் என்று நினைத்து அவர் அதில் ஏதாவது எழுதியிருக்கலாம். அக்கா அப்படித்தான் செய்திருந்தார், அதில் "இவரு சார்ஜ் ஜாஸ்தி வாங்குவாரா?" என்று ஒரு வரி இருந்தது. நல்லவேளை, கேட்டேன். அந்த வரியை எடுத்துவிட்டு அவரே Reply all-இல் மறுபடி அனுப்பினார்.

அறிகுறி: பதினாலு மெயில் ஆகியும் நீங்கள் இன்னும் நடுவில்

பேச்சு ஆரம்பித்துவிட்டது, ஆனால் பெட்டி அளவு, வண்டி வரும் நேரம் எல்லாம் உங்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது. மரியாதைக்காக உங்களை Cc-யில் வைத்திருக்கிறார்கள், எடுத்துவிட யாருக்கும் கை வரவில்லை. முதல் பதில் போடுபவர் அறிமுகம் செய்தவரை Bcc-க்கு மாற்றி, மெயிலின் மேலே "அறிமுகம் செய்தவருக்கு நன்றி, அவரை Bcc-க்கு மாற்றிவிட்டேன்" என்று எழுதுவதுதான் வழக்கம். அந்த ஒரு மெயில் உங்களுக்கு வரும், பேச்சு ஆரம்பித்துவிட்டது என்று தெரியும், அதற்கு மேல் அவர்கள் போடும் பதில்கள் உங்களுக்கு வராது. இந்த வழக்கம் தெரியாதவர்கள் நிறைய. அதனால் அக்காவிடம் முன்கூட்டியே போனில் சொல்லிவைத்தேன்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. Bcc-யில் இருக்கும் நீங்கள் மறதியாக Reply all அழுத்தினால் உங்கள் பதில் அவர்கள் இருவருக்கும் போகும். உங்களை மாற்றியதாக மேலே எழுதியிருந்தால் பரவாயில்லை. எழுதாமல் ரகசியமாக வைத்திருந்தால் "இவர் ஒளிந்திருந்து பார்த்தாரா?" என்று ஆகிவிடும். யார் கேட்டாலும் ரகசிய Bcc-யில் நான் இருப்பதில்லை.

அறிகுறி: "உங்களுக்கு இதுல என்ன?" என்று கேட்கிறார்கள்

பாரிமுனையைச் சுற்றி யார் யாரை அறிமுகம் செய்தாலும் நடுவில் கமிஷன் இருக்கும் என்றே நினைப்பார்கள், பல இடத்தில் இருக்கவும் செய்யும். கமிஷன் இருந்தால் இருவருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லை என்றால், அனுமதி கேட்கும்போதே வாயால் சொல்லிவிட்டால் போதும். மெயிலில் "எனக்கு இதில் எந்த லாபமும் இல்லை" என்று எழுதினால்தான் சந்தேகமே வரும்.

சரி, அந்த ஷிப்மென்ட் என்ன ஆனது என்றால், ஏஜென்ட் சார் 11 தேதி பதில் போட்டார், பேப்பர் பட்டியலும் சார்ஜும் அனுப்பினார். அக்கா இன்னொரு இடத்தில் விசாரித்து, அங்கே குறைவு என்று அங்கேயே கொடுத்துவிட்டார். வேலை போனதைப் பற்றி சார் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அக்கா அவருக்கு அதை ஒரு வரியில் மெயில் போட்டுச் சொல்லி நன்றியும் சொல்லியிருந்தார். போன வாரம் திருவொற்றியூர் பார்ட்டி ஒருவருக்காக மறுபடி அவரிடம் கேட்டேன். "அனுப்பு தம்பி, ஆனா கன மீட்டரோட எடையையும் சேர்த்துப் போடச் சொல்லு. பார்ட் லோடுக்கு ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் ரேட், எடை இல்லாம நான் என்னத்தச் சொல்றது?" என்றார்.